உஷார்! விற்பனை ஏறுகிறது என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்

சின்ன ஓட்டல் நடத்துகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கிறீர்கள். பில் போடும் மென்பொருள் அன்றைய கணக்கை அனுப்பியிருக்கிறது. மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு. "விற்பனை 20 சதவீதம் அதிகம்." மனசு குளிர்ந்து போகிறது. போனை வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள்.

அந்த அம்பை நம்பாதீர்கள்!

அம்பு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே நகை அடகுக்குப் போகும். நம்ப முடியவில்லையா? பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற வழியில் ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள். பேர் வேண்டாம். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை முழுத் தொகையாக்கிச் சொல்கிறேன்.

என்ன நடந்தது?

24 பேர் உட்காரும் கடை. வாரநாளில் தாலுகா ஆபீஸ், கல்லூரி, லாரி டிரைவர்கள் என்று மீன் குழம்பு சாப்பாட்டுக்கு வருகிற கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வேறு கதை. சென்னையிலிருந்து ஏரி பார்க்க, பறவை பார்க்க, டச்சுக்காரர் கல்லறை பார்க்கக் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நண்டும் இறாலும்தான் வேண்டும். மாதம் 5 லட்சம் விற்பனை. சரக்கு, சம்பளம், வாடகை, கேஸ், கரண்ட் எல்லாம் போக 40,000 கையில் நின்றது.

அண்ணன் மகன் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தான். திரையைத் திறந்தால் இருபதுக்கு மேல் கட்டங்கள். இன்றைய விற்பனை, மாத விற்பனை, சராசரி பில், மணிவாரி வரைபடம், அதிகம் விற்ற பத்து அயிட்டம், வண்ண வண்ணமாய் வட்டங்கள். அக்காவும் இறால் தொக்கு, நண்டு மசாலா என்று ஞாயிறு அயிட்டங்களைக் கூட்டினார். விற்பனை 6 லட்சமாக ஏறியது. பச்சை அம்பு!

ஆனால் சரக்குச் செலவு நூறு ரூபாய்க்கு 38 ரூபாய் இருந்தது 47 ஆகியிருந்தது. அதாவது 1,90,000 இருந்த சரக்குச் செலவு 2,82,000 ஆகிவிட்டது. ஆள் கூலியும் கேஸும் சேர்ந்து மற்றச் செலவு 2,70,000-லிருந்து 3 லட்சம் ஆனது. மிஞ்சியது 18,000 மட்டும்தான். விற்பனை ஒரு லட்சம் ஏறியது. லாபம் பாதிக்கும் கீழே போனது.

அடுத்து வந்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏரியில் சின்னப் படகுகள் ஓடத்தான் செய்யும். ஆனால் காசிமேட்டில் சரக்குக் குறைந்தால் சென்னை வியாபாரிகள் கண் எல்லாம் ஏரி மீன் மேல்தான். கொள்முதல் விலை எகிறும். அதே நேரத்தில் பள்ளிக்கூட லீவு, கூட்டமும் அதிகம். அக்காவின் மே மாத விற்பனை 6,20,000. அம்பு இன்னும் பச்சைதான். சரக்குச் செலவோ நூற்றுக்கு 52. மற்றச் செலவு 3,10,000. கூட்டிக் கழித்தால் 12,400 ரூபாய் நஷ்டம்.

அவருக்கு எப்போது தெரிந்தது? மீன் கொடுக்கிறவர் கடன் நோட்டைக் கொண்டுவந்து கல்லா மேஜையில் வைத்தபோது. "நல்லாத்தானே ஓடுது கடை?" என்று அவர் கேட்டாராம். அக்காவும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வளையல் அடகுக்குப் போனது.

திரையில் இருபது எண் இருந்தது. ஒன்றுகூட "விலையை மாத்து" என்று சொல்லவில்லை.

எண்ணை இப்படிச் சோதியுங்கள்

கே.பி.ஐ. என்று மென்பொருள் விற்கிறவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். பயப்படாதீர்கள். கடை நலமாக இருக்கிறதா என்று காட்டும் முக்கியமான அளவு எண், அவ்வளவுதான். ஆனால் எது முக்கியம்? ஒவ்வொரு எண்ணையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது இன்னைக்குக் கோட்டைத் தாண்டினா, நாளைக்குக் காலைல நான் என்ன மாத்தப்போறேன்?"

பதில் உடனே வரவில்லையா? அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். மொத்த விற்பனை ஏறியது, சரி, என்ன செய்வீர்கள்? சந்தோஷப்படுவீர்கள். அது செயல் இல்லை. மணிவாரி வரைபடம் பார்த்து என்ன செய்வீர்கள்? மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

திரையில் நிற்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும். தாண்டக் கூடாத கோடு எது, எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது, தாண்டினால் என்ன செய்வது. இந்த நான்கும் எழுத முடிகிற எண்கள் ஒரு சின்ன மீன் கடைக்கு ஐந்துதான் தேறும். அதற்கு மேல் வைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள்.

ஒன்று: வாரச் சரக்குச் செலவு

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வாங்கிய பில்லைக் கூட்டி விற்பனையால் வகுத்துவிடுவார்கள். தப்பு! கிடங்கிலும் ஐஸ் பெட்டியிலும் இருந்ததை யார் கணக்குப் பார்ப்பது?

ஞாயிறு ராத்திரி இருந்த கையிருப்பு 18,000 ரூபாய்க்கு. வாரம் முழுக்க வாங்கியது 66,000. அடுத்த ஞாயிறு ராத்திரி மிச்சக் கையிருப்பு 14,000. அப்படியானால் உண்மையில் செலவான சரக்கு 70,000. அந்த வார விற்பனை 1,40,000. நூற்றுக்கு 50. பில்லை மட்டும் பார்த்தவருக்கு 47 என்றுதான் தெரிந்திருக்கும்.

விற்பனை என்று எதை எடுக்கிறீர்கள் என்பதிலும் உஷார். பில்லில் வசூலிக்கிற 5 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் காசு இல்லை. அதைக் கழித்துவிடுங்கள். ஆன்லைன் ஆர்டர் இருந்தால் கமிஷன் போக வங்கியில் விழுகிற தொகையைத்தான் விற்பனையாக எழுத வேண்டும். பல மென்பொருள்கள் மேலே பெரிதாகக் காட்டும் தொகையில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

கோடு எங்கே போடுவது? மேல்நாட்டுப் புத்தகம் 28 முதல் 35 என்று சொல்லும். மீனும் நண்டும் விற்கிற கடைக்கு அது சரிவராது. இந்த அக்காவின் வாடகை, சம்பளத்துக்கு 40 என்று வைத்தால்தான் தாங்கும். 40-ஐத் தாண்டிய வாரம், திங்கட்கிழமை காலை செய்ய வேண்டியது: அதிகம் விற்ற மூன்று அயிட்டத்தின் தட்டுக் கணக்கைத் திரும்பப் போடுவது. அதுதான் அடுத்த எண்.

இரண்டு: ஒரு தட்டின் உண்மை விலை

இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ 400 ரூபாய்க்கு வாங்கினார். ஒரு தட்டு இறால் தொக்குக்கு 120 கிராம். 48 ரூபாய் இறால், மசாலா எண்ணெய் 20 ரூபாய், ஆக 68. விற்பது 250. நூற்றுக்கு 27தான், அமோக லாபம் என்று நினைத்தார்.

தராசில் நிறுத்துப் பார்த்தீர்களா? தலையும் ஓடும் போன பிறகு ஒரு கிலோ இறாலில் ஏறக்குறைய அரைக் கிலோதான் தேறும். தட்டில் விழுவது சுத்தம் செய்த 120 கிராம். அதன் உண்மை விலை கிலோ 800. அப்படியானால் இறால் 96, மசாலா 20, மொத்தம் 116. நூற்றுக்கு 46. 27 இல்லை, 46! தடைக்காலத்தில் இறால் 520-க்குப் போனதும் தட்டு 145 ரூபாய். நூற்றுக்கு 58. பலகையில் விலை அதே 250.

மீனுக்கும் இதே கதைதான். கொடுவாவில் தலை, குடல், செதில் போனால் எவ்வளவு மிஞ்சும், மடவையில் எவ்வளவு மிஞ்சும், அன்றைய உருவத்துக்கு ஏற்ப மாறும். யார் சொன்னதையும் நம்பாமல் உங்கள் சமையல்கட்டில் வாங்கின எடை, சுத்தம் செய்த எடை இரண்டையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும்.

கோடும் செயலும்: வாங்கும் விலையைத் தினமும் காலையில் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். "இறால் 450-ஐத் தாண்டினால் பலகையில் 250-ஐ 290 ஆக்கு, அல்லது இன்று இறாலை எடுத்துவிட்டு மடவை வறுவல் போடு" என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நண்டு, இறால், கொடுவா மூன்றுக்கும் விலையை அச்சடிக்காதீர்கள். சாக்பீஸ் பலகைதான் உங்கள் காப்பு. பழவேற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு மீன் விலை தினம் மாறும் என்பது தெரியும். முகத்துவாரத்தில் மண் அடைத்தாலே இறால் வரத்து மாறிவிடும் ஊர் இது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சதவீதம் அதிகம் என்பதற்காக இறாலை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்! 100 ரூபாய் சாப்பாட்டில் செலவு 35. மிஞ்சுவது 65. 250 ரூபாய் இறாலில் செலவு 116. மிஞ்சுவது 134. சதவீதத்தில் சாப்பாடு நல்லது, கையில் நிற்கிற ரூபாயில் இறால் நல்லது. வாடகையைச் சதவீதத்தால் கட்ட முடியாது. தட்டுக்கு எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று: மிச்சமும் "இல்லை"யும்

இவை இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும். பிரித்தால் கெட்டது!

கடை மூடும்போது சுத்தம் செய்த பச்சை மீன் எத்தனை கிலோ மிச்சம், சமைத்தது எத்தனை தட்டு கொட்டினோம், இரண்டையும் மாஸ்டர் நிறுத்து எழுத வேண்டும். கூடவே, கேட்டு "இல்லை" என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் எத்தனை பேர் என்பதைச் சப்ளையர் சுவரில் கோடு போட்டு எண்ண வேண்டும்.

ஏன் இரண்டும்? மிச்சத்தை மட்டும் பார்த்தால் பயந்து பயந்து குறைவாக வாங்குவீர்கள். ஞாயிறு ஒன்றரை மணிக்கே நண்டு தீர்ந்துவிடும். வந்த கார் திரும்பிப் போய்விடும். போன கார் எந்த மென்பொருளிலும் பதிவாகாது. விற்காத பில்லை எந்தத் திரையும் காட்டாது.

கோடும் செயலும்: ஒரே கிழமையில் இரண்டு வாரம் தொடர்ந்து, வாங்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் என்றால் அடுத்த வாரம் அந்தக் கிழமைக்கு அந்த அளவைக் குறைத்து வாங்குங்கள். இரண்டு மணிக்குள் ஐந்து பேருக்கு மேல் "இல்லை" சொன்னால் அடுத்த வாரம் அந்தக் கிழமைக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு திங்களை ஒப்பிட்டு அலறாதீர்கள். புரட்டாசியை ஆவணியோடு ஒப்பிடாதீர்கள். புரட்டாசியில் பாதிப் பேர் மீன் தொட மாட்டார்கள், போன வருஷப் புரட்டாசியோடு பாருங்கள். காணும் பொங்கல் கூட்டத்தை வைத்து அடுத்த வாரத்துக்கு மீன் வாங்காதீர்கள்.

ஒரு அம்மாவாகக் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சம் அதிகமானால் அதை மறுநாள் குழம்பில் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வரும். வேண்டாம்! சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில், சரியாக ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும், வாந்தி வரும், தலை வெடிக்கும். மிச்சம் என்ற எண் நாளைக்கு என்ன வாங்குவது என்று சொல்வதற்காகத்தான். நேற்றைய மீனை விற்கச் சொல்வதற்கு இல்லை.

நான்கு: வாரக் கோடு

இந்த வாரம் எவ்வளவு விற்றால் கைநஷ்டம் இல்லாமல் தப்பிப்போம்? இது தெரியாமல் கடை நடத்துகிறவர்கள்தான் அதிகம்.

அக்காவின் சரக்கல்லாத செலவு மாதம் 3 லட்சம். வாரத்துக்கு 70,000. இதில் உங்கள் சொந்தச் சம்பளமும் கடன் வட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். "நம்ம கடைதானே, நமக்கென்ன சம்பளம்" என்று விட்டால் கணக்கு பொய்யாகும். சரக்குச் செலவு 40 என்றால் நூறு ரூபாய் விற்பனையில் 60 ரூபாய் மிஞ்சும். 70,000 கிடைக்க ஏறக்குறைய 1,17,000 விற்க வேண்டும்.

இப்போது பாருங்கள். சரக்குச் செலவு 50 ஆனால்? மிஞ்சுவது 50தான். தேவை 1,40,000. முதல் எண்ணில் பார்த்த வாரம் நினைவிருக்கிறதா? அந்த வார விற்பனை சரியாக 1,40,000. அத்தனை வேலை செய்தும் கையில் பூஜ்யம்! வாடகை ஏறவில்லை, சம்பளம் ஏறவில்லை. மீன் விலையும் தட்டு அளவும் மட்டும் சேர்ந்து கோட்டை 23,000 ரூபாய் மேலே தூக்கிவிட்டன. அதனால் முதல் எண் மாறினால் இந்தக் கோட்டையும் அன்றே மாற்றி எழுத வேண்டும்.

எப்போது பார்ப்பது? மாதக் கடைசியில் இல்லை. புதன் ராத்திரி. ஞாயிறு ஒருநாளே 50,000 வரும் கடை இது. மீதி 67,000 திங்கள் முதல் சனிக்குள் வர வேண்டும். புதன் ராத்திரி 30,000-க்குக் கீழே இருந்தால் வியாழன் முதல் ஐந்து வகை மீனை மூன்று வகையாக்குங்கள். வெள்ளிக்கிழமைக்குத் தினக்கூலிக்கு வரும் கூடுதல் ஆளை அழைக்காதீர்கள். ஞாயிறு ஆளைக் குறைக்காதீர்கள், உங்கள் பிழைப்பே அன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. செவ்வாய் வியாபாரம் தினசரிச் சராசரிக்குக் கீழே இருக்கிறது என்பதற்காகச் செவ்வாய் கடையை மூடிவிடாதீர்கள். வாடகையும் மாதச் சம்பளமும் மூடினாலும் ஓடும். அன்று திறப்பதால் மட்டும் கூடுகிற செலவு, அதாவது மீன், கேஸ், தினக்கூலி, இவை போக ஏதாவது மிஞ்சினால் திறந்திருப்பதே மேல்.

ஐந்து: கல்லா வித்தியாசம்

சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பில் அடித்த பிறகு ரத்து செய்வது இருக்கிறதே, அங்கேதான் ஓட்டை. வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் போனதும் பில் ரத்து. காசு பைக்குள். விற்பனை எண்ணில் அது வரவே வராது.

கோடும் செயலும்: தினமும் மூடும்போது பில் மொத்தம் ஒருபக்கம், ரொக்கமும் போனில் வந்த யு.பி.ஐ. தொகையும் மறுபக்கம். 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்று ராத்திரியே காரணம் எழுத வேண்டும். ரத்தான பில் இரண்டுக்கு மேல் போனால் சமையல்கட்டுக்குப் போன டோக்கனை எடுத்துப் பாருங்கள். சமைத்த உணவுக்கு ரத்து பில் எப்படி வந்தது என்று கேளுங்கள். யு.பி.ஐ. அட்டை மேல் வேறு யாராவது தங்கள் அட்டையை ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். வாடிக்கையாளர் போன் திரையைக் காட்டினால் போதாது, உங்கள் யு.பி.ஐ. பெட்டி சத்தம் கொடுக்க வேண்டும்.

எண்ணே எமனாகும், ஜாக்கிரதை!

ஐந்து எண்ணும் வைத்தாயிற்று. இனிக் கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? இங்கே ஒரு குழி இருக்கிறது. "சரக்குச் செலவு 40-க்குள் வந்தால் போனஸ்" என்று மாஸ்டரிடம் சொல்லிப் பாருங்கள். கண்டிப்பாக வரும். 120 கிராம் இறால் 90 ஆகும். எண்ணெய் மறுபடி மறுபடி காயும். எண் அழகாக இருக்கும். மூன்றாவது மாதம் ஞாயிறு கூட்டம் பக்கத்துக் கடையில் நிற்கும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1975-லேயே எச்சரித்தது இதைத்தான். ஒரு அளவை வைத்து ஆட்டிப் படைக்க ஆரம்பித்தால் அந்த அளவு உண்மை பேசுவதை நிறுத்திவிடும்.

அதனால் எண்ணைப் பரிசுக்குப் பயன்படுத்தாதீர்கள். வாரம் இரண்டு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தட்டைத் தராசில் வையுங்கள். 120 கிராம் இருக்கிறதா? இருந்தால்தான் 40 என்பது உண்மையான 40.

இந்த அறிகுறிகள் உங்கள் கடையில் இருக்கின்றனவா?

• விற்பனை ஏறுகிறது, மீன் கொடுக்கிறவர் கடன் நோட்டும் தடிக்கிறது.

• ஞாயிறு வசூலை வைத்துத் திங்கட்கிழமை பழைய பாக்கியைக் கட்டுகிறீர்கள்.

• பலகை விலையைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை.

• இறால் என்ன விலை என்றால் சந்தை விலையைச் சொல்கிறீர்கள். தட்டு விலை தெரியவில்லை.

• சமையல்கட்டில் தராசு இல்லை. அல்லது இருக்கிறது, தூசி படிந்திருக்கிறது.

• கையிருப்பை எண்ணுவதே இல்லை. "ஏறக்குறைய இருக்கும்" என்கிறீர்கள்.

• திரையில் இருபது எண். நேற்று பார்த்து எதையும் மாற்றவில்லை. போன வாரமும் மாற்றவில்லை.

• சிவப்பு நிறத்தில் ஒரு எண் பத்து நாளாக நிற்கிறது. பழகிப்போய்விட்டது.

இதில் இரண்டு இருந்தாலே உஷார். கடைசி இரண்டும் சேர்ந்திருந்தால் இன்றே விழித்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாத எண் பார்க்காத எண்ணைவிட மோசம். "நான்தான் தினமும் கணக்குப் பார்க்கிறேனே" என்ற தைரியத்தைக் கொடுத்துவிடும்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது

மென்பொருளை மாற்ற வேண்டாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், தராசு தவிர. மென்பொருளின் முகப்பில் இந்த ஐந்தை மட்டும் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள். ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் எண், கோடு, கிழமை, ஆள் பெயர், செயல். செயல் என்ற இடத்தில் "கவனிக்கவும்" என்று எழுதாதீர்கள். "290 ஆக்கு", "ஒரு கிலோ குறை", "வெள்ளி ஆள் வேண்டாம்" என்று எழுதுங்கள். ஐந்தும் ஒரே நாளில் தொடங்க முடியாதா? முதல் வாரம் கையிருப்பை மட்டும் எண்ணுங்கள். அடுத்த வாரம் இறாலைத் தராசில் போடுங்கள். மீதி தானாக வரும்.

இந்த அக்கா ஜூன் முடிவதற்குள் பலகைக்கு மாறினார். இறால் 290 ஆனது, நண்டுக்குத் தினவிலை வந்தது, திங்கட்கிழமைக்கு வாங்கும் மீன் குறைந்தது. விற்பனை 5,80,000-க்கு இறங்கியது. அம்பு சிவப்பானது. சரக்குச் செலவு 42-க்கு வந்தது, மற்றச் செலவு 3 லட்சம். மாதக் கடைசியில் 36,400 ரூபாய் நின்றது. இப்போது வளையலுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வளையல் அடகுக்குப் போகும்வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் உங்கள் பலகையில் தடைக்கால விலைக்கு இடம் இருக்க வேண்டும்.